பயிற்சி நாளை எடுத்துடாதீங்க: சிமுலேட்டர் செக் பத்தி பயிற்சிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சிப் பிரிவுத் தலைமைக்கும், அந்தப் பிரிவுக்கு பட்ஜெட் ஒதுக்குறவங்களுக்கும்,

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நாங்க போற சிமுலேட்டர், அடுத்த சுற்றுல இருந்து ரெண்டு நாளுக்குப் பதிலா ஒரே நாள்தான்னு உங்க மெயில் வந்துச்சு. செக் நாள் அப்படியே இருக்குமாம், பயிற்சி நாள் மட்டும் போயிடுமாம், செக் முடிஞ்சு மீதி இருக்குற நேரத்தை பயிற்சியா கணக்கு வச்சுக்கலாமாம், அதுக்கு மேல வேணும்னா வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல பாக்குற பாடம் இருக்காம். கடைசியில "விதிமுறைகள் அனைத்தும் பூர்த்தி செய்யப்படுகின்றன"ன்னு ஒரு வரி. ரெண்டு இன்ஜின் ஜெட்ல கேப்டனா பறக்குறவன்ங்கற முறையில, என் கூட பறக்குற நிறைய பேர் சொல்லத் தயங்குறதையும் சேர்த்து இங்க சொல்றேன். இந்த முடிவை என்னால ஏத்துக்க முடியல. ஏன்னு விவரமா எழுதுறேன், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

முதல்ல, இந்த மடலைப் படிக்கப்போற பைலட் அல்லாதவங்களுக்காக ரெண்டு வரி. பைலட் லைசென்ஸ் கையில இருந்தா மட்டும் எந்த விமானத்தையும் ஓட்டிட முடியாது. ஒவ்வொரு வகை ஜெட்டுக்கும் தனியா டைப் ரேட்டிங் வேணும், அது லைசென்ஸ்ல பதிவாகும், ஐரோப்பா மாதிரி இடங்கள்ல லைசென்ஸ் ஆயுசுக்கும் இருந்தாலும் அந்த ரேட்டிங் பன்னிரண்டு மாசத்துல காலாவதி ஆயிடும். அதைப் புதுப்பிக்க சிமுலேட்டர்ல ஒரு தேர்ச்சி செக். அதுபோக, நம்ம மாதிரி ஏர்லைன்ஸ்ல பறக்குறவங்களை வருஷத்துக்கு ரெண்டு தடவை செக் பண்ணணும்னு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்போட ஆறாவது இணைப்பு சொல்லுது. ஒரே மாதிரியான ரெண்டு செக்கை நாலு மாசத்துக்குள்ள அடுத்தடுத்து முடிச்சுட்டா அது மட்டும் செல்லாதுன்னும் அதுலயே இருக்கு. இடைவெளி விட்டு விட்டு செக் பண்ணணும்னு எழுதினவங்க காரணம் இல்லாம எழுதல, கை மறந்துடும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க.

இப்ப உங்க "மீதி நேரம்" எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாப்போம். சிமுலேட்டர் ஸ்லாட் நாலு மணி நேரம். உள்ள போறது ரெண்டு பைலட். ஆளுக்கு ரெண்டு மணி நேரம் பைலட் ஃப்ளையிங், மீதி ரெண்டு மணி நேரம் பக்கத்து சீட்ல மானிட்டரிங். என் ரெண்டு மணி நேரத்துல என்னெல்லாம் நடக்கணும்? ஏறி உக்காந்து காக்பிட் செட் பண்ணணும். டேக்-ஆஃப் ஓடும்போது ஒரு கோளாறு வந்து ரன்வேயிலயே நிறுத்தணும், நிறுத்தினதுக்கு அப்புறம் பயணிகளை வெளியேத்தணுமா வேண்டாமான்னு முடிவெடுக்கணும். ரன்வேயில ஓடும்போது வி1ங்கற வேகம் தாண்டினதும் இன்ஜின் போகணும், அதோட மேல ஏறி செக்லிஸ்ட் முடிக்கணும். ஒத்த இன்ஜின்ல சுத்தி வந்து ரேடியோ வழிகாட்டுதல்ல இறங்குற ஐஎல்எஸ் அப்ரோச், மினிமம் உயரத்துல ரன்வே தெரியாம இறங்காமலே மேல ஏறுற கோ-அரவுண்ட், மறுபடி சுத்தி வந்து ஒத்த இன்ஜின்லயே லேண்டிங். அப்புறம் ஒரு நான்-ப்ரிசிஷன் அப்ரோச். அப்புறம் ஏதாவது ஒரு சிஸ்டம் கோளாறு, இல்லன்னா கேபின் அழுத்தம் போய் எமர்ஜென்சி டிசென்ட். இன்ஸ்ட்ரக்டர் பட்டனைத் தட்டி விமானத்தை அடுத்த இடத்துக்குத் தூக்கி வச்சாலும் ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம் போயிடுது. நடுவுல சீட் மாறணும், ஒரு சின்ன பிரேக் வேணும். எல்லாம் போக ஆளுக்கு பத்து நிமிஷம் மிஞ்சினா அதிகம். எதாவது ஒரு ஐட்டம் சரியா வராம திருப்பி செய்யச் சொன்னா அந்தப் பத்து நிமிஷமும் காலி. அதாவது எவருக்குப் பயிற்சி அதிகமா தேவைப்படுதோ அவருக்குத்தான் நேரமே மிஞ்சாது. இந்த முடிவை எடுக்கும்போது இதை யாராவது உக்காந்து பாத்தீங்களா?

நேரத்தை விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. செக் நடக்கும்போது பின்னாடி உக்காந்திருக்குறவர் எக்ஸாமினர். அவர் பேசக் கூடாது, சொல்லிக் குடுக்கக் கூடாது, பாத்து எழுதணும். அதுதான் அவர் வேலை, அதுல தப்பே இல்ல. அதே மனுஷன் அடுத்த நாள் இன்ஸ்ட்ரக்டரா வந்து உக்காந்தா கதையே வேற. சிமுலேட்டரை அப்படியே ஃப்ரீஸ் பண்ணுவார், "இப்ப என்ன பாத்தீங்க, ஏன் அந்த லீவரைத் தொட்டீங்க"ன்னு கேப்பார், முப்பது செகண்ட் பின்னாடி கொண்டுபோய் மறுபடி விடுவார், கை பழகுற வரைக்கும் திருப்பித் திருப்பி செய்யலாம். ரெண்டு நாளும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே சீட்லதான் உக்காருறோம், ஆனா முதல் நாள் எனக்குத் தெரிஞ்சது என்னன்னு அளக்குறாங்க, ரெண்டாவது நாள்தான் தெரியாததைக் கத்துக்குறேன். நீங்க வெட்டுறது அந்த ரெண்டாவது நாளை.

வி1 தாண்டினதும் இன்ஜின் போற ஐட்டத்தையே எடுத்துக்குவோம், ஏன்னா செக்ல எல்லாரும் பயப்படுறதும் அதுதான், எல்லாரும் பாஸ் பண்றதும் அதுதான். வி1ங்கறது ரன்வேயில ஓடும்போது வர்ற ஒரு வேகம், அதுக்கு முன்னாடி கோளாறு வந்தா நிறுத்தலாம், தாண்டிட்டா மேல ஏறித்தான் ஆகணும். எக்ஸாமினர் அந்த வேகம் தாண்டின உடனே ஒரு இன்ஜினை அணைப்பார். செத்த இன்ஜின் பக்கம் மூக்கு திரும்பும், எதிர் ரடரை அழுத்தி ரன்வே நடுக்கோட்டுல பிடிக்கணும். ரெண்டு இன்ஜின் இருக்கும்போது தூக்குறதை விட நிதானமா மூக்கைத் தூக்கணும், கோணமும் கொஞ்சம் கம்மியா நிறுத்தணும், இல்லன்னா வேகம் வி2க்குக் கீழ, அதாவது ஒத்த இன்ஜின்ல பாதுகாப்பா மேல ஏறத் தேவையான வேகத்துக்குக் கீழ போயிடும். மேல ஏறுறது உறுதியானதும் கியர் அப். அதுக்கப்புறம் நானூறு அடி வரைக்கும் யாரும் எந்த இன்ஜின் கண்ட்ரோலையும் தொடக் கூடாது, விமானத்தை நேரா பறக்க வைக்கிறது மட்டும்தான் வேலை. அப்புறம்தான் மானிட்டரிங் பண்றவர் எந்த இன்ஜின்னு சொல்வார், பறக்குறவர் தன் கண்ணால பாத்து உறுதி பண்ணுவார், அதுக்கப்புறம்தான் லீவர் ஐடில், மாஸ்டர் ஸ்விட்ச் ஆஃப்.

இது அருமையான டிரில், இதுக்கு எதிரா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா செக்ல இது எப்படி வருதுன்னு நமக்குள்ள ஒளிச்சுப் பேச வேண்டியதில்ல. எந்த ஏர்போர்ட், எந்த ரன்வே, எந்த இன்ஜின் போகும், அதுக்கப்புறம் என்ன வரும்னு அந்தச் சுற்றுல முதல்ல போயிட்டு வந்தவங்க வாட்ஸ்அப்ல போட்டுடறாங்க. நம்ம ஸ்கிரிப்ட் ஒண்ணே ஒண்ணு, ஆறு மாசத்துக்கும் அதுதான். வி1 கால் வரும்போதே எல்லாரோட காலும் ரடர்ல ரெடியா இருக்கு. இன்ஜின் போறது சுத்தமா, ஒரேயடியா, சத்தமில்லாம போகுது. நிஜத்துல அப்படி சுத்தமா போறது கம்மி. உள்ள காத்தோட்டம் தடுமாறி டமார்னு சர்ஜ் அடிக்கும், ஆட்டம் வரும், இன்ஜின் காட்டி மேலயும் கீழயும் போகும், இன்ஜின் செத்துச்சா பாதி உயிரோட இருக்கான்னு தெரியாது, அதுவும் வி1ல வராது, எழுநூறு அடியில, மேகத்துக்குள்ள நுழையுற நேரத்துல வரும்.

போன தடவை பயிற்சி நாள்ல எங்களுக்கு அதைத்தான் குடுத்தார் இன்ஸ்ட்ரக்டர். முன்கூட்டியே ஒண்ணும் சொல்லல, சாதாரண டேக்-ஆஃப்னு நெனச்சு கிளம்பினோம். எழுநூறு அடி வாக்குல ரெண்டாவது இன்ஜின் சர்ஜ். சிமுலேட்டர்ல அந்த சத்தம் முதுகெலும்புல இறங்குற மாதிரி இருக்கும், சீட்டோட சேர்த்து ஆடுது, மாஸ்டர் வார்னிங் அடிக்குது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சோம். பக்கத்துல இருந்த ஃபர்ஸ்ட் ஆஃபீசர் நல்ல பைலட், நிதானமான பையன், அவர் கை தானா லீவர் பக்கம் போயிடுச்சு. இன்ஸ்ட்ரக்டர் ஃப்ரீஸ் போட்டார். திட்டல. "கை எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க"ன்னார். அப்புறம் மூணு பேரும் உக்காந்து பேசினோம்: சத்தம் வந்ததும் முதல் அஞ்சு செகண்ட் யார் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது. மறுபடி விட்டார். அடுத்த தடவை இடது இன்ஜின்ல குடுத்தார், நாங்க ரெண்டாவதைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தோம். அதுக்கு அடுத்த தடவை கை யாரோடதும் நகரல, நேரா பறக்க வச்சு, வேகத்தைப் பாத்து, காட்டியைப் பாத்து, இன்ஜின் நம்பரை வாய் விட்டு சொல்லி, மத்தவர் பாத்து ஒத்துக்கிட்ட பிறகுதான் லீவர் பின்னாடி வந்துச்சு. இது முழுசா நடக்க நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. செக் நாள்ல இந்த நாப்பது நிமிஷம் எங்க இருந்து வரும்? இதே விஷயத்தை கம்ப்யூட்டர் பாடத்துல ஸ்லைடா பாத்தா அந்தப் பையன் கை நகர்ந்தது அவருக்கே தெரிஞ்சிருக்குமா?

கை தானா போறதால என்ன ஆகும்னு நமக்கு ஏற்கனவே தெரியும். 2015 பிப்ரவரி 4, தைபேயில டிரான்ஸ்ஏசியா 235, ஏடிஆர் 72-600. டேக்-ஆஃப் ஆகி சுமார் 1,200 அடியில இருக்கும்போது ரெண்டாவது இன்ஜினோட ப்ரொப்பெல்லர் தானா ஃபெதர் ஆயிடுச்சு, அதாவது இழுவிசை போயிடுச்சு. முதல் இன்ஜின் ஒழுங்கா ஓடிட்டு இருந்தது. பறந்துட்டு இருந்தவர் அந்த நல்ல இன்ஜினோட பவரைக் குறைச்சு, கடைசியில அதை அணைச்சும் விட்டார். திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்குள்ள விமானம் ஸ்டால் ஆகி, அதாவது றெக்கை தூக்குற சக்தியை இழந்து, ஆத்துல விழுந்துச்சு. 58 பேர்ல 43 பேர் செத்துப்போனாங்க. காக்பிட்ல இருந்த எல்லாரும் லைசென்ஸ் செல்லுபடியானவங்க, ரேட்டிங் செல்லுபடியானவங்க. ஒத்த இன்ஜின்ல பறக்குறது தெரியாம யாருக்கும் அந்த ரேட்டிங் கிடைச்சிருக்காது. எதிர்பாக்காத நேரத்துல, எதிர்பாக்காத உருவத்துல வந்தப்போ, எந்த இன்ஜின்னு நின்னு பாக்குற அந்த நிதானம்தான் அங்க இல்லாம போச்சு.

இன்னொண்ணு 2009 ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447. 35,000 அடியில, வேகத்தை அளக்குற பீட்டோ குழாய்கள்ல ஐஸ் அடைச்சு வேகக் காட்டி நம்ப முடியாம போச்சு, ஆட்டோபைலட் கழண்டுக்கிச்சு. குழாய் பிரச்சனை ஒரு நிமிஷத்துக்குள்ள சரியாகிட்டு வந்துச்சு, ஆனா அதுக்குள்ள மூக்கு மேல போய், விமானம் ஸ்டால் ஆகி, சுமார் மூணரை நிமிஷம் விழுந்துட்டே இருந்து கடல்ல போச்சு, 228 பேர். அப்ப ஓட்டிட்டு இருந்த ரெண்டு கோ-பைலட்டும் இந்தக் கோளாறை பயிற்சியில பாக்கவே இல்லன்னு சொல்ல முடியாது, தாழ்வான உயரத்துல பாத்திருந்தாங்க. மேல க்ரூஸ் உயரத்துல, கையால பறந்து, இதைச் செய்யுற பயிற்சி அவங்களுக்கு இல்லன்னு பிரெஞ்சு விசாரணை அறிக்கை சொல்லுச்சு. எழுதி வச்ச ஐட்டத்துக்கு நேரா டிக் இருந்தது, தேவைப்பட்ட பயிற்சி இல்லாம இருந்தது. உங்க மெயிலோட கடைசி வரி எனக்கு ஏன் உறுத்துதுன்னு இப்ப புரியும்னு நெனைக்கிறேன்.

இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் உலகம் வேற பக்கம் திரும்புச்சு. 2013ல அதே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 9995ங்கற எண்ணுல ஆதாரம் சார்ந்த பயிற்சிக்கான கையேட்டை வெளியிட்டுச்சு. அதுல ஒரு சுற்று எப்படி ஓடணும்னா, முதல்ல ஒரு மதிப்பீடு, அதுல யாருக்கு எங்க இடறுதுன்னு பாக்கணும், அப்புறம் கை வேலைக்கான மனூவர் பயிற்சி, அப்புறம் நிஜப் பயணம் மாதிரி சூழ்நிலைகளை வச்சு பயிற்சி. பெரும்பகுதி நேரம் பயிற்சிக்குத்தான், மதிப்பீடு அதுக்கு வாசல் மாதிரி. ரொம்ப ஏர்லைன்ஸ் அந்தப் பக்கம் போயிட்டு இருக்கும்போது நாம பயிற்சியை எடுத்துட்டு செக்கை மட்டும் வச்சுக்கறோம்னு சொல்றது எந்த வகையிலயும் நியாயமா படல.

ஸ்லாட் நேரத்தைப் பத்தியும் சொல்லியாகணும். ராத்திரி ரெண்டு மணிக்கு செக் போடுறீங்க. சிமுலேட்டர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும், ராத்திரி ஸ்லாட் சுலபமா கிடைக்கும்னு எங்களுக்கும் புரியுது. ஆனா விடியக்காலை ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் உடம்பு ரொம்ப மந்தமா இருக்கும்னு தெரிஞ்சுதான் டியூட்டி நேர விதிகள்லயே அந்த நேரத்தைத் தனியா கணக்குல எடுக்குறாங்க. நிஜத்துலயும் ராத்திரி பறக்குறோம்தானேன்னு கேப்பீங்க. பறக்குறோம். ஆனா ஒருத்தரோட வேலை நிக்குமா போகுமான்னு முடிவு பண்ற அளவீட்டை அந்த நேரத்துல வச்சா கிடைக்குறது அவரோட திறமை பத்தின அளவு இல்ல, தூக்கத்தைப் பத்தின அளவு.

அடுத்தது தேதி. இதை ரோஸ்டர் போடுறவங்க கவனமா பாக்கணும். ஐரோப்பிய விதி மாதிரியான முறையில, காலாவதி தேதிக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள செக் முடிச்சா பழைய தேதியில இருந்தே அடுத்த பன்னிரண்டு மாசம் ஓடும். ஜூன் 30 காலாவதின்னு வைங்க. ஏப்ரல் 10ல முடிச்சாலும் அடுத்த வருஷம் ஜூன் 30 வரை செல்லும், ஒரு நாள் கூட நஷ்டம் இல்ல. மார்ச் 20லயே முடிச்சா மட்டும்தான் கணக்கு அங்க இருந்து ஆரம்பிச்சு தேதி முன்னாடி வந்துடும். அப்படின்னா நமக்கு மூணு மாசம் கையில இருக்கு. அதை விட்டுட்டு எல்லாரையும் கடைசி வாரத்துல தள்ளுறீங்க. சிமுலேட்டரோட மோஷன் பழுதானாலோ, ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலோ, அடுத்த ஸ்லாட் ஜூலையிலதான் கிடைக்கும், ஜூலை 1 காலையில அவர் ரேட்டிங் செத்துப்போச்சு, தரையில உக்காருவார். அப்புறம் புதுப்பிக்கணும்னா வெறும் செக் போதாது, பயிற்சி நிறுவனம் மதிப்பிட்டு தேவையான புத்தாக்கப் பயிற்சி முடிக்கணும், அதுக்கப்புறம்தான் செக். பயிற்சி நாள் செலவை மிச்சம் பண்ணிட்டு இங்க கொண்டுபோய்க் கொட்டுறோம். இதைவிட மோசமா, கடைசி வாரத்துல செக் இருக்குறவருக்கு ஒரு ஐட்டம் போச்சுன்னா திருத்திக்க நாளே இல்ல. அந்தப் பயத்தோட உள்ள போறவர் புதுசா ஒண்ணும் முயற்சி பண்ண மாட்டார், தெரிஞ்ச ஸ்கிரிப்டை ஒப்பிச்சுட்டு வெளிய வரத்தான் பாப்பார்.

செலவு பத்தி ஒண்ணும் தெரியாம பேசுறேன்னு நெனைக்காதீங்க. முழு அசைவு சிமுலேட்டர் மணிக்கணக்குல வாடகை, இன்ஸ்ட்ரக்டர் சம்பளம், அந்த ரெண்டு நாளும் ரெண்டு பைலட் பறக்க முடியாது, எல்லாம் சேர்ந்து பெரிய தொகைதான். கம்ப்யூட்டர் பாடத்தையும் நான் குறை சொல்லல, சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு படிக்க அது நல்ல வழி. ஹைட்ராலிக் படத்தை வீட்ல பாத்துக்கலாம். வார்னிங் அடிக்கும்போது கையைக் கட்டி வைக்குறதை வீட்ல கத்துக்க முடியாது.

அதனால நாங்க கேக்குறது இதுதான். பயிற்சி நாளை ரத்து பண்ற முடிவை அடுத்த சுற்று தொடங்குறதுக்கு முன்னாடி திரும்பப் பெறுங்க, ஒவ்வொரு பைலட்டுக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு நாலு மணி நேர ஸ்லாட் பயிற்சிக்குன்னே தனியா இருக்கணும், அதுல கிரேடு போட்டு யாரோட வேலையையும் தீர்மானிக்கக் கூடாது. அந்த ஸ்லாட்ல ஒரு பகுதி, எங்களுக்கு முன்கூட்டியே சொல்லாத கோளாறுகளுக்கு ஒதுக்கணும், பாதி செத்த இன்ஜின், உயரத்துல வேகக் காட்டி போறது ரெண்டும் கட்டாயம் வரணும். செக்குக்கு ஒரே ஸ்கிரிப்டை ஆறு மாசம் ஓட்டாதீங்க, குறைஞ்சது அஞ்சாறு வச்சு எக்ஸாமினர் அன்னிக்குத் தேர்ந்தெடுக்கட்டும், கட்டாய ஐட்டங்கள் எல்லாத்துலயும் இருக்கட்டும், வர்ற வரிசையும் இடமும் மாறட்டும். ராத்திரி ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் செக் வைக்காதீங்க, வேற வழியே இல்லன்னா அந்த நேரத்துல பயிற்சியை வைங்க. செக்கை மூணு மாச ஜன்னலோட முதல் மாசத்துலயே ரோஸ்டர் பண்ணுங்க, ஒரு ஐட்டம் போனவருக்கு காலாவதிக்கு முன்னாடியே திருத்தப் பயிற்சியும் மறுசெக்கும் உறுதியா கிடைக்கணும்.

இதுல எதை ஏத்துக்குறீங்க, எதை ஏத்துக்கல, ஏத்துக்காததுக்கு என்ன காரணம்னு அடுத்த ரோஸ்டர் வெளியாகுறதுக்கு முன்னாடி எழுத்துல பதில் சொல்லுங்க. செக் முடிஞ்ச பிறகு ஒவ்வொரு பைலட்டுக்கும் சராசரியா எத்தனை நிமிஷம் மிஞ்சுதுன்னு உங்க சிமுலேட்டர் பதிவுகள்லயே இருக்கும், அந்தக் கணக்கையும் பதிலோட சேர்த்து வெளியிடுங்க. பதில் வரலன்னா இதே மடலை, இதே கணக்கோட, நம்மளைக் கண்காணிக்கிற விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
உங்க ரோஸ்டர்ல பறக்குற ஒரு லைன் கேப்டன்